25ஆவது இரத்ததானம், உறுப்புதான உறுதிமொழி: படத்துக்குக் கீழே என்ன எழுதலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளைக்கு 25ஆவது தரம் இரத்தம் குடுக்கப் போறன். முகநூலில படம் போட இப்படி எழுதி வச்சிருக்கிறன்: “இன்று எனது 25ஆவது இரத்ததானம். 75 உயிர்களைக் காப்பாற்றியதில் பெருமை. உதிரம் கொடுப்போம், உயிர் காப்போம். மனிதநேயம் உள்ளவர்கள் அனைவரும் முன்வாருங்கள்!” இது சரியோ? (சுன்னாகத்தில் இருந்து ஒரு தம்பி)

முதல் வாக்கியம் நல்லது, அதை அப்படியே வைத்திருங்கள். மற்ற மூன்றையும் எடுத்துவிடலாம். 75 என்ற கணக்கு ஏன் நிற்காது என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். “உதிரம் கொடுப்போம்” என்பதை நாங்கள் எல்லோரும் பதாகைகளில் எத்தனையோ தரம் கண்டுவிட்டோம். கண் அதில் நிற்காமல் கடந்து போய்விடும். கடைசி வரிதான் அதிகம் கெடுக்கிறது. இரத்தம் கொடுக்காதவருக்கு மனிதநேயம் இல்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது. அதை வாசிக்கிறவர்களில் இரத்தச்சோகை உள்ளவர், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், தினமும் மருந்து எடுப்பவர் எல்லோரும் இருப்பார்கள்.

எடுத்த இடத்தில் எதை வைப்பது? உங்களிடம் மட்டும் இருப்பதை வையுங்கள். அந்தத் தம்பியிடம் நான் மூன்று விடயம் கேட்டேன். முதல் தரம் எப்போது, எப்படிப் போனீர்கள்? இத்தனை தரம் போன பிறகும் மாறாமல் இருக்கிற ஒன்று என்ன? அடுத்தது எப்போது? 2015இல் கம்பஸில் நடந்த முகாமுக்கு நண்பனுக்குத் துணையாகப் போனவர், அங்கே தானும் படுத்துவிட்டார். ஊசி ஏறும்போது இன்றுவரை மற்றப் பக்கம்தான் பார்க்கிறார். அடுத்தது நாலு மாதம் கழித்து. இதை வைத்து இருவரும் சேர்ந்து எழுதியது இது:

“25ஆவது தரம். 2015இல கம்பஸில நடந்த முகாமுக்கு நண்பனுக்குத் துணையாப் போய், நானும் படுத்தன். நாலு மாசத்துக்கு ஒருக்காத்தான் குடுக்கலாம் எண்டபடியா 25 வர இவ்வளவு வருஷம். ஊசி ஏறேக்க இண்டைக்கும் மற்றப் பக்கம்தான் பார்த்தனான். அடுத்த முறை நாலு மாசத்தால போவன். ஆராவது முதல் தரம் வர யோசிச்சா எனக்குச் சொல்லுங்கோ, சேர்ந்து போவம்.”

இதில் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. ஆனால் முதல் தரம் போகப் பயந்துகொண்டிருக்கிற ஒருவருக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. துணையாகப் போனவரும் கொடுக்கலாம், 25 தரம் கொடுத்தவருக்கும் ஊசியைப் பார்க்கக் கூச்சம்தான், தனியாகப் போகத் தேவையில்லை. ஊக்கம் என்பது அந்தக் கடைசி வரியின் அழைப்பில் இருக்கிறது. அதை எழுதினால் யாராவது கேட்கும்போது உண்மையிலேயே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஆயத்தம் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

முகநூலில் நீளமான பதிவின் முதல் சில வரிகள்தான் உடனே தெரியும், மிச்சம் மறைந்திருக்கும். அதனால் “25ஆவது தரம்” என்பது முதலில் வரட்டும். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் கடைசியில் வரட்டும்.

ஒரு பையில மூண்டு உயிர் எண்டு முகாமிலயே சொல்லினமே. பிறகேன் 25 ஐ மூண்டால பெருக்கக் கூடாது?

முகாமில் சொல்வது ஒரு பையில் இருந்து மூன்று பொருள் வரை பிரிக்கலாம் என்பதைத்தான். கொடுத்த இரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றிச் செங்குருதிக் கலங்கள், குருதிச் சிறுதட்டுகள், திரவவிழையம் என்று பிரிப்பார்கள். செங்கலங்களைக் குளிர்சாதனத்தில் ஐந்து, ஆறு வாரம் வைத்திருக்கலாம். சிறுதட்டுகளை அறை வெப்பநிலையில் இடைவிடாமல் மெதுவாக ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும், அதுவும் ஏறக்குறைய 5 நாள்தான் தாங்கும். திரவவிழையத்தை உறையவைத்தால் ஒரு வருடம் வரை இருக்கும்.

இந்த மூன்றும் மூன்று பேருக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று இல்லை. எல்லாப் பைகளையும் மூன்றாகப் பிரிப்பதும் இல்லை. பிரசவத்தில் அளவுக்கு மீறி இரத்தம் போன ஒரு தாய்க்கு ஒரே இரவில் பல பைகள் ஏறலாம். தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தரம், வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டும். அந்தப் பிள்ளையை எந்தப் பை காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வது? ஐந்து நாளுக்குள் தேவைப்படாமல் காலாவதியான சிறுதட்டுப் பையும் இருக்கும். ஆகவே 75 என்பது யாரும் எண்ணிப் பார்த்த எண் அல்ல.

எண் வேண்டும் என்றால் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த எண்ணை எடுங்கள். ஒரு தரம் 450 மில்லிலீற்றர் எடுத்திருந்தால் 25 தரத்துக்கு 11 லீற்றருக்கு மேல். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய 5 லீற்றர். உங்கள் உடம்பில் உள்ளதைப் போல இரண்டு மடங்கைக் கொடுத்துவிட்டு, இன்றைக்கும் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறீர்கள். “குடுத்தா உடம்பு பலவீனமாப் போகும்” என்று பயப்படுகிற அம்மாமாருக்கு அந்த ஒரு வரி போதும். சிறிய பையில், 350 மில்லிலீற்றர், கொடுத்திருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

என்ர மச்சான் ரொறன்ரோவில நாலு வருஷத்தில 25 முடிச்சிட்டான். எனக்கு எட்டு வருஷத்துக்கு மேல எடுத்தது. போட வெக்கமா இருக்கு.

விதி வேறு. கனடாவில் ஆண்கள் 56 நாளுக்கு ஒரு தரம் முழு இரத்தம் கொடுக்கலாம், பெண்கள் 84 நாளுக்கு ஒரு தரம். இங்கிலாந்தில் ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம். இலங்கையில் நாலு மாதம். முதலாவதுக்கும் 25ஆவதுக்கும் இடையில் 24 இடைவெளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் நாலு மாதம் என்றால் 96 மாதம், சரியாக 8 வருடம். ஒரு தவணைகூடத் தவறாமல் போனவருக்கே அவ்வளவு எடுக்கும். 50ஆவதுக்கு 16 வருடமும் நாலு மாதமும்.

இடையில் டெங்கு வந்திருக்கும், வெளிநாட்டுக்குப் போய் வந்திருப்பீர்கள், வேலை மாறியிருக்கும். 8 வருடத்துக்கு மேல் எடுத்தது என்றால் நீங்கள் இடையில் நின்றுவிட்டு மீண்டும் தொடங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதை மறைக்காதீர்கள். இடையில் விட்டுவிட்டு “இனி என்னத்துக்கு” என்று இருக்கிறவர்கள் நிறையப் பேர்; “நடுவில ரெண்டு வருஷம் போகேல்ல, பிறகு திரும்பத் தொடங்கினன்” என்ற வரி அவர்களுக்குப் போய்ச் சேரும்.

எந்தப் படம் நல்லம்? கையில ஊசியோட படுத்திருக்கிற படம் இருக்கு.

அதைத் தவிர்க்கச் சொல்வேன். முதல் தரம் போகத் தயங்குபவருக்கு ஊசியைப் பற்றித்தான் பயம், அதையே பெரிதாகக் காட்டக் கூடாது. முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சு, கையில் தேநீர்க் கோப்பை, கூட வந்த நண்பர்கள், இவை போதும். கொடையாளர் அட்டையைப் படம் எடுப்பதானால் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், விலாசம் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். பின்னால் வேறொருவர் படுத்திருந்தால் அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். நோயாளியின் படமும் பெயரும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், சொந்தக்காரர் என்றாலும்.

குடுத்து முடிய எனக்குத் தலை சுத்தி விழப் பார்த்தனான். அதையும் எழுதினா ஆக்கள் பயந்துபோவினமெல்லே?

எழுதலாம், ஆனால் முழுக்க எழுதுங்கள். பாதியில் விட்டால்தான் பயம். ஏன் வந்தது, என்ன செய்தார்கள், எவ்வளவு நேரத்தில் சரியானது என்ற மூன்றும் வரவேண்டும். பெரும்பாலும் காரணம் எளிது. சாப்பிடாமல் போயிருப்பார்கள், வெயிலில் சைக்கிள் ஓடித் தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பார்கள், அல்லது பயத்தில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கியிருக்கும். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை விரதத்தோடு நேரே முகாமுக்கு வருகிறவர்களும் உண்டு. கோயில் மண்டபத்தில் நடக்கிற முகாம் என்றால் அது இன்னும் கூட. தாதி உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடிப்பார், சில நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இப்படி எழுதினால் போதும்: “விரதத்தோட போனதால தலை சுத்தினது. காலை உயர்த்திப் படுக்க வச்சினம், கொஞ்ச நேரத்தில சரி. அடுத்த முறை சாப்பிட்டிட்டுத்தான் போவன்.” வாசிக்கிறவர் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதை உங்களிடமிருந்தே தெரிந்துகொள்கிறார். அறிவுரை என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

10ஆவது தரம் குடுப்பம் எண்டு போனனான், இரத்தம் காணாது எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். இதைப்பற்றி என்னத்தை எழுதுறது?

எல்லாப் படக்குறிப்புகளிலும் இதுதான் அதிகம் தேவைப்படுவது, யாரும் எழுதாததும் இதுதான். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பார்களே, அது ஈமோகுளோபின் அளவுக்காக. இலங்கையில் கொடையாளருக்கு அது போதிய அளவு இருக்க வேண்டும். நிறை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது, வயது 18க்கும் 60க்கும் இடையில். மாதவிடாயால் பெண்களுக்கு அந்த அளவு எளிதாகக் குறையும். திரும்பி வருகிறவர்களில் பலர் தங்களில் ஏதோ பிழை என்று நினைத்து மறுபடி போவதே இல்லை.

“இண்டைக்கு 10 எண்டு எழுத இருந்தன், 11.8 எண்டு திருப்பி விட்டினம். வைத்தியரைப் பார்க்கப் போறன். 10 பிறகு வரும்” என்று எழுதுங்கள். அளவைச் சொல்ல விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடலாம். அப்படி ஒரு பதிவைக் கண்டால் “எனக்கும் இதுதான் நடந்தது” என்று கீழே எழுதப் பலர் வருவார்கள். இரும்புச்சத்துக் குளிசையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், ஏன் குறைந்தது என்று வைத்தியர் பார்க்கட்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உணவில் இருக்கிற இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் தேநீர் தடுக்கும்.

அப்பாவின்ர ஆண்டுத்திவசத்தை முன்னிட்டு எங்கட சனசமூக நிலையத்தில முகாம் வைக்கிறம். அப்பாவின்ர படத்தோட என்ன எழுதலாம்?

அப்பாவைப் பற்றி ஒரு வரி, முகாமைப் பற்றி ஒரு வரி. அப்பாவுக்கு யாரோ கொடுத்த இரத்தம் ஏறியிருந்தால் அதுவே உங்கள் வரி: “அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை நேரம் மூண்டு பை ஏத்தினது. ஆர் குடுத்தவை எண்டு எங்களுக்குத் தெரியாது.” அப்படி எதுவும் இல்லையென்றால் இட்டுக்கட்ட வேண்டாம். அவர் எந்தச் சந்தியில் கடை வைத்திருந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார் என்று எழுதுங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள். நேரமும் இடமும் தெளிவாக இருக்கட்டும்.

முகாம் முடிந்த பிறகு, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் முதல் தரம் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எனக்கு இரண்டாவது எண்தான் பெரிது.

உறுப்புதானம் செய்யிறதா எழுதிக் குடுத்திட்டன். “நான் இறந்த பின் எட்டுப் பேரில் வாழ்வேன்” எண்டு போடலாமோ?

உங்கள் மனம் புரிகிறது. ஆனால் அந்த வரி நடக்கப்போகிறதைச் சொல்லவில்லை, நடக்க வேண்டியதையும் சொல்லவில்லை.

சிறுநீரகம், ஈரல், இருதயம், சுவாசப்பை போன்றவற்றை எடுப்பதற்கு அவற்றுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் இறந்தவரிடமிருந்து அவற்றைப் பெறுவது பெரும்பாலும் மூளைச்சாவில்தான். விபத்தில் தலையில் அடிபட்டோ மூளைக்குள் இரத்தம் கசிந்தோ ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். மூளையின் செயற்பாடு மீள முடியாதபடி நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் சோதித்து உறுதிசெய்கிறார்கள். இயந்திரத்தால் நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும். வீட்டில் நித்திரையிலேயே போய்விடுகிற ஒருவரின் சிறுநீரகத்தை எடுக்க முடியாது. எட்டு என்பது எல்லா உறுப்பும் பயன்பட்டால் வரக்கூடிய உச்ச எண்.

அந்த நேரத்தில் வைத்தியர் உங்கள் பணப்பையில் உள்ள அட்டையைத் தேடமாட்டார். வெளியில் நிற்கிற அம்மாவிடம், மனைவியிடம், அண்ணாவிடம்தான் கேட்பார். உடம்பு சூடாக இருக்கும்போது, யோசிக்க நேரம் இல்லாமல் கேட்கப்படுகிற கேள்வி அது. உங்கள் விருப்பம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் சொல்ல வேண்டியது உங்கள் பதிலை மட்டுந்தான். தெரியாவிட்டால், “வேண்டாம்” என்று சொல்லிவிடுவது மனித இயல்பு.

ஆகவே வீட்டில் கதைத்ததுதான் உங்கள் செய்தி. கையெழுத்து அதற்குப் பிறகு. இப்படி:

“உறுப்புதானப் படிவத்தில கையெழுத்து வச்சிட்டன். அதுக்கு முதல் அம்மாவோடயும் அக்காவோடயும் கதைச்சனான். அம்மா உடன ஓம் எண்டு சொல்லேல்ல, ரெண்டு நாளால சொன்னவ. ஒருநாள் வைத்தியர் கேட்டா என்ன சொல்ல வேணும் எண்டு இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்.”

அம்மாவைப் பற்றி எழுதுமுன் அம்மாவிடம் கேளுங்கள். “உடம்பு முழுசாப் போகவேணும்” என்று வீட்டில் பெரியவர்கள் இன்னும் மனம் ஒப்பாமல் இருந்தால், பதிவைக் கொஞ்சக் காலம் தள்ளிப்போடுங்கள். ஊர் பார்க்க அவர்களை மடக்குவது சரியில்லை.

இன்னொன்று. உறுப்புதானமும், மருத்துவ பீடத்துக்கு உடலைக் கொடுப்பதும் வேறு வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்குக் கொடுக்கும் உடல் மாணவர்கள் படிப்பதற்கு. உறுப்புகள் எடுத்த உடலையோ பிரேத பரிசோதனை செய்த உடலையோ அதற்குப் பொதுவாக ஏற்பதில்லை. எதற்குக் கையெழுத்து வைத்தீர்களோ அதையே எழுதுங்கள்.

அம்மம்மாவின்ர கண்ணைத் தானம் குடுத்தம். மரண அறிவித்தலில போடலாமோ? பெருமை அடிக்கிற மாதிரி இருக்காதோ?

போடுங்கள், ஒரே வரியாக. “அன்னாரின் விருப்பப்படி கண்கள் தானமாக வழங்கப்பட்டன.” இது குடும்பத்தைப் பற்றிய வரி இல்லை, அவரைப் பற்றிய வரி. வீட்டில் இறந்தாலும் கொடுக்கக்கூடியது கண்ணின் விழிவெண்படலம் என்பதால் இந்த வரியால் மற்றவர்களுக்கு நேரடிப் பலன் உண்டு. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964இலிருந்து வெளிநாடுகளுக்கும் கண்களை அனுப்பிவருகிறது.

31ஆம் நாள் நினைவுப் பதிவில் இன்னும் கொஞ்சம் எழுத இடம் இருக்கும். நீங்கள் பட்ட பாட்டை அங்கே எழுதுங்கள், அது அடுத்த வீட்டுக்கு உதவும். முக்கியமானது நேரம்: இறந்து நாலு மணித்தியாலத்துக்குள் எடுப்பதுதான் நல்லது, ஆறைத் தாண்டவிடக் கூடாது. வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் வரும்வரை உடலைப் பதப்படுத்தி வைப்பது இங்கே வழக்கம். அதற்கு எடுத்துச் செல்லுமுன் கண்தானத்துக்கு அறிவிக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போட்டவரும் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவரும் கொடுக்கலாம். முகம் விகாரப்படாது, பார்க்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

“அம்மம்மா 84 வயசில, கண்ணாடி போட்டவ, புரைக்கு வெட்டினவ. அவவின்ர கண்ணையும் எடுத்தவை.” பல வீடுகளில் “வயசுபோன கண் ஆருக்கு” என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு வரியும் பதில்.

பதிவுக்குக் கீழ, “எனக்குச் சீனி வருத்தம், குடுக்கலாமோ?”, “பிரஷர் குளிசை போடுறன், குடுக்கலாமோ?” எண்டெல்லாம் கேக்கினம். என்ன சொல்லுறது?

நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம். என்ன மருந்து, எவ்வளவு, எப்போதிருந்து என்பதைப் பொறுத்து பதில் மாறும். கொடுப்பதற்கு முன் படிவம் நிரப்பியதும் வைத்தியர் தனியாகக் கேட்டு முடிவு செய்வார். யாழ் போதனா வைத்தியசாலை இரத்த வங்கியிலோ முகாமிலோ அந்த மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சிலர் தங்கள் வருத்தத்தைப் பகிரங்கமாக எழுதிவிட்டுப் பிறகு சங்கடப்படுவார்கள்; அவர்களுக்கு உட்பெட்டியில் பதில் அனுப்பிவிட்டு, பின்னூட்டத்தை நீக்கவா என்று கேளுங்கள்.

யாராவது அங்கேயே “அவசரம், ஓ நெகட்டிவ் தேவை” என்று எழுதினால், எந்த வைத்தியசாலை, இன்றைய வேண்டுகோளா என்று முதலில் கேளுங்கள். தேவை முடிந்த பிறகும் மாதக்கணக்காகச் சுற்றுகிற வேண்டுகோள்கள் நிறைய.